கடைக்கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று: மதுரையில் முதல் தடவை விண்ணப்பிப்பவருக்கு

கட்டடம் முடிந்து வெள்ளையடித்து, முகப்பில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகுதான் பலருக்கு இந்தச் சான்றின் நினைவே வருகிறது. நிரந்தர மின் இணைப்பு கேட்கப் போனால் ஈபி அலுவலகத்தில் "சி.சி. இருக்கா?" என்கிறார்கள். வங்கியில் "ஓ.சி. காப்பி குடுங்க" என்கிறார்கள். தமிழ்நாட்டு விதிகளில் பெயர் பணி நிறைவுச் சான்றுதான். வெளிமாநிலத்திலும் வங்கிப் படிவங்களிலும் குடியேறும் சான்று என்று சொல்வார்கள். நடைமுறையில் நம் கையில் வரும் காகிதம் ஒன்றே: இந்தக் கட்டடம் அனுமதித்த வரைபடப்படி கட்டப்பட்டிருக்கிறது, இதைப் பயன்படுத்தலாம் என்று உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ எழுதித் தருவது.

நான் மதுரையில் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் வரைபடம் போடுகிறேன். விண்ணப்பக் கோப்பு சேர்ப்பதும் என் வேலைதான். சென்ற வருடம் வண்டியூர்ப் பக்கம் ஒரு மளிகை அண்ணாச்சியின் கட்டடத்துக்குக் கோப்பு சேர்த்தோம். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். அவருடைய மனை 40-க்கு 60 அடி. தரைத்தளத்தில் முன்னால் ஒரு கடை, பக்கத்தில் வண்டி நிறுத்த இடம். மேலே இரண்டு தளங்கள், அலுவலகமாக வாடகைக்கு விட. எல்லாத் தளமும் சேர்த்துச் சுமார் 4,200 சதுர அடி, அதாவது 390 சதுர மீட்டர்.

முதலில் உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது, 12 மீட்டர் உயரத்துக்குள் மூன்று குடியிருப்புகளுக்கோ 750 சதுர மீட்டருக்கோ மேற்படாத வீடுகளுக்கு இந்தச் சான்றிலிருந்து விலக்கு இருந்தது. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் விலக்கு உண்டு. 2024-இல் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டியவர்களுக்கும் இது வேண்டியதில்லை. இந்த வரம்புகள் இடையில் திருத்தப்பட்டும் வருகின்றன. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எந்த வருடம் கட்டினார் என்பதை வைத்து முடிவு செய்யாமல், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள அரசாணையை மண்டல அலுவலக நகரமைப்புப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் கட்டடம் வணிகக் கட்டடம், அளவும் பெரிது. விலக்கு கிடைக்க வழியே இல்லை.

"வீட்டு வரி போட்டாச்சே தம்பி, அதுக்கப்புறம் என்ன சான்று?" என்று அவர் கேட்டார். நிறையப் பேர் கேட்கும் கேள்விதான். சொத்துவரி கட்டடம் இருக்கிறது என்பதற்காக வாங்கும் வரி. அனுமதி மீறிய கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். வரி ரசீதைக் காட்டி மீறலை நியாயப்படுத்த முடியாது.

கோப்பைத் தொடங்கும் இடம்

பலரும் அலுவலகத்தில் கிடைக்கும் இணைப்புப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு காகிதம் தேட ஆரம்பிப்பார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. கட்டட அனுமதி ஆணையை எடுத்து, அதன் பின்பக்கமோ தனித்தாளிலோ இருக்கும் நிபந்தனைகளை முதலில் படிப்போம். அனுமதி வாங்கிய நாளில் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும், வண்டி நிறுத்துமிடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் வேண்டும், சாலை அகலப்படுத்தலுக்கென்று காட்டிய நிலத்துண்டைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே அதை நிறைவேற்றியதற்கு என்ன அத்தாட்சி என்று எழுதிப் பாருங்கள். இணைப்புப் பட்டியலில் பாதி அப்படியே வந்துவிடும். எதிரே எழுத ஒன்றும் இல்லாத வரிதான் உங்கள் கோப்பு திரும்பி வரப்போகும் இடம்.

அண்ணாச்சியின் ஆணையில் தானப் பத்திர நிபந்தனை இல்லை. உங்களுடையதில் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். பத்திரப் பதிவு ஒரு நாளில் முடிகிற வேலை என்று நினைத்துக் கடைசியில் வைத்தவர்கள் மூலப்பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருப்பதை அப்போதுதான் நினைத்துக்கொள்வார்கள்.

டேப்போடு ஒரு நாள்

அதிகாரி அளப்பதற்கு முன்னால் நீங்கள் அளந்துவிட வேண்டும். இந்த வேலையில் முக்கியமான நாள் அதுதான். முத்திரையிட்ட அனுமதி வரைபடத்தை விரித்து வைத்து, பூச்சு முடிந்த சுவரிலிருந்து அளவெடுக்க வேண்டும். பூசாத செங்கல் சுவரில் எடுத்த பழைய குறிப்பு உதவாது. நான்கு பக்க செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே விட்ட காலியிடம், ஒவ்வொரு பக்கத்திலும் முன், நடு, பின் என்று மூன்று இடத்தில். மனை சதுரமாக இருப்பது அபூர்வம். முன்னால் சரியாக இருக்கும் இடைவெளி பின்னால் குறுகியிருக்கும். காம்பவுண்டுச் சுவர் உங்கள் மனைக்குள் நிற்கிறதா, எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு எல்லையிலிருந்து. சுவரின் உள்முகத்தில் டேப் வைத்தால் 9 அங்குலச் சுவரின் கனம் முழுவதும் உங்கள் கணக்கில் குறைந்துபோகும். எல்லையைக் காட்ட புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் பகுதியில் தவறு வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். வரைபடம் மீட்டரில் இருக்கும். மேஸ்திரி அடியில் வேலை செய்வார். 1.5 மீட்டர் என்றால் 4 அடி 11 அங்குலம். அவர் வாயில் அது "நாலரை" ஆகிவிடும். நாலரை அடி 1.37 மீட்டர்தான். கட்டடத்தின் முழு நீளத்துக்கும் 13 சென்டிமீட்டர் போய்விட்டது. நல்லவேளையாக அண்ணாச்சியின் பக்க செட்பேக்கை எங்கள் பொறியாளர் அஸ்திவாரம் தோண்டும்போதே நின்று குறித்திருந்தார். 1.50 கேட்ட இடத்தில் 1.53, 1.51, 1.50 என்று கிடைத்தது.

சிக்கல் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தது. ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர் வேண்டும். அனுமதி வரைபடத்தில் முதல் கட்டம் காருக்கு, இரண்டாவது கட்டம் இரண்டு டூவீலருக்கு என்று காட்டியிருந்தது. முதல் கட்டத்தில் இரண்டு தூண்களுக்கும் இடையே 2.5 மீட்டர், அதாவது 8 அடி 2 அங்குலத்துக்குச் சற்றுக் கூட, இருந்திருக்க வேண்டும். மேஸ்திரி 8 அடி விட்டிருந்தார். தூண் பூச்சும் சேர்ந்ததில் டேப் 2.41 காட்டியது. இரண்டாவது கட்டம் 2.70 இருந்தது. ஆனால் அதற்கு ஷட்டர் போட்டு அண்ணாச்சி அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்.

இன்னும் இரண்டு. தெருப்பக்கச் சன்ஷேடு வரைபடத்தில் 60 சென்டிமீட்டர், நேரில் 84. மழைச்சாரல் கடைக்குள் அடிக்கிறதென்று சென்டரிங் போடும்போது சொல்லி நீட்டியிருக்கிறார். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை ஒன்று. மதுரை வெயிலுக்குத் தகரம் போடாத மாடி குறைவு, அனுமதி வரைபடத்தில் அதைக் காட்டிய மாடி அதைவிடக் குறைவு.

எதை இடிப்பது, எதை வரைவது

மாற்றம் தெரிந்ததும் அதை இரண்டு கேள்விகளால் பிரித்துப் பாருங்கள். வரைபடத்துக்கு மாறாக இருக்கிறதா என்பது ஒன்று. விதிக்கே மாறாக இருக்கிறதா என்பது இன்னொன்று. விதி கேட்கும் குறைந்த அளவைவிட வரைபடத்தில் கூடுதலாகக் காட்டியிருந்து, கட்டியது இரண்டுக்கும் நடுவில் இருந்தால், திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கி ஒழுங்குபடுத்தலாம். விதியின் அளவுக்கே கீழே போய்விட்டால் வரைந்து சரிசெய்ய முடியாது. கட்டடத்தில்தான் கை வைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "எல்லாம் பேசிக்கலாம் சார்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டியவர்களுக்குத் தகரக் கொட்டகை விஷயம் இன்னும் கடுமை. அங்கே 9 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. வரைபடத்தில் 9 மீட்டருக்கு நெருக்கமாக வைத்துவிட்டு மேலே கொட்டகை போட்டால் திருத்திய வரைபடம் போட்டும் பயனில்லை.

அண்ணாச்சியிடம் நான்கையும் வரிசையாகச் சொன்னோம். தகரத்தைக் கழற்ற ஒத்துக்கொண்டார். சன்ஷேடை 24 சென்டிமீட்டர் வெட்டி, கம்பி முனையை மூடிப் பூச வேண்டும் என்றதற்கு முனகினார், ஆனால் செய்தார். ஷட்டர்தான் தகராறு. "அந்த இடத்த விட்டுட்டு மூட்டைய எங்க கொண்டுபோய் வைக்க?" என்று இரண்டு வாரம் பேசவில்லை. 2.41 மீட்டர்க் கட்டத்தில் கார் நிற்காது என்பதால் காரை 2.70 கட்டத்துக்கு மாற்றி, டூவீலர்களை இந்தப் பக்கம் கொண்டுவருவதுதான் தூணைத் தொடாமல் இருந்த ஒரே வழி. ஒரு டூவீலருக்கு 1 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் போதும், இரண்டு தாராளமாக நிற்கும். ஆனால் கார் போகிற கட்டம் திறந்திருக்க வேண்டும். ஷட்டரை மட்டும் தூக்கிவிட்டு ஆய்வுக்குப் பிறகு இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஷட்டர்ப் பெட்டியும் தண்டவாளமும் சுவரில் இருக்கும்வரை அது மூடக்கூடிய அறைதான், பார்க்கிறவருக்குத் தெரியும் என்றோம். கடைசியில் முழுதாகக் கழற்றினார். மூட்டைகள் அடுத்த தெருவில் ஒரு வாடகை அறைக்குப் போயின.

கோப்பில் என்னென்ன

இப்போதுதான் காகிதம். விண்ணப்பத்தை onlineppa.tn.gov.in என்ற ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றுகிறோம். கட்டட அனுமதி எந்த அலுவலகம் கொடுத்ததோ அதற்குத்தான் இதுவும் போக வேண்டும். மாநகராட்சி கொடுத்த அனுமதிக்கு மாநகராட்சி. நகர ஊரமைப்புத் துறையோ உள்ளூர் திட்டக் குழுமமோ கொடுத்ததற்கு அவர்கள். ஊராட்சிப் பகுதியில் கட்டியவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ஆணையின் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், போதும்.

முதலில் அனுமதி ஆணையும் முத்திரையிட்ட வரைபடமும், நிபந்தனைத்தாள் உட்பட எல்லாப் பக்கமும். அடுத்து, கட்டியபடி வரைபடம். அனுமதி வரைபடத்தை நகலெடுத்துப் பெயரை மாற்றி வைப்பது இதற்கு ஈடாகாது. நீங்கள் டேப்பில் எடுத்த அளவுகள் அதில் இருக்க வேண்டும். அண்ணாச்சியின் வரைபடத்தில் 1.53, 1.51, 1.50 என்றே எழுதினோம். மூன்று இடத்திலும் 1.50 என்று எழுதினால் அளக்கிறவருக்கு மற்ற எண்களின் மேலும் சந்தேகம் வரும். வண்டிக் கட்டம் இடம் மாறியதைத் தனிக்குறிப்பாக எழுதினோம்.

மூன்றாவது, பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞரின் பணி நிறைவு அறிக்கை. நான்காவது, கட்டமைப்புப் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்று. பிறகு உரிமை ஆவணங்கள்: பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. பட்டாவில் உள்ள பெயரும் அனுமதி ஆணையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றால்கூடக் கேட்பார்கள். லிப்ட் வைத்திருந்தால் அதன் உரிமம். கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போனால் இணைப்பு ரசீது, செப்டிக் டேங்க் என்றால் அதன் படமும் அளவும். உயரம் 18.3 மீட்டரைத் தாண்டினால் அது அடுக்குமாடி வகை, தீயணைப்புத் துறைச் சான்றும் சேரும். அந்தக் கோப்பு இதைவிடப் பெரிய கதை.

புகைப்படங்களை நிறையப் பேர் அலட்சியமாக எடுக்கிறார்கள். நான்கு பக்கமும், மாடியும், வண்டி நிறுத்துமிடமும், சாய்தளமும் தெரிய வேண்டும். செட்பேக்கில் டேப்பை நீட்டி எண் தெரிய ஒரு படம் எடுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து, மாடியிலிருந்து வரும் குழாய் உள்ளே இறங்குவது தெரியும்படி எடுங்கள். மூடிய சிமெண்டுப் பலகையின் படத்தைப் பார்த்து அடியில் தொட்டி இருக்கிறதென்று யாரும் நம்பமாட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு, நானே மூடியைத் தூக்கி வெறும் மண்ணைப் பார்த்திருக்கிறேன். சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்ற சரிவு. கடையின் தளம் தெருவைவிட ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 18 அடி ஓட வேண்டும். இடம் போதாமல் செங்குத்தாக வைத்துவிட்டு அதையும் சாய்தளம் என்று எழுதுவது இங்கே சாதாரணம்.

யார் எதற்கு உறுதி சொல்கிறார்கள்

உறுதிமொழிகளைக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடும் காகிதமாக நினைக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததற்கு மட்டும்தான் உறுதி சொல்ல வேண்டும். அடித்தளத்தின் பலத்துக்கு உரிமையாளர் உறுதி சொல்ல முடியாது. கடை எதற்குப் பயன்படும் என்பதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல முடியாது.

அண்ணாச்சியின் உறுதிமொழியை இப்படி எழுதினோம்:

"மேற்கண்ட மனையின் உரிமையாளராகிய நான், இத்துடன் இணைத்துள்ள கட்டியபடி வரைபடத்தில் காட்டியுள்ளவாறு கட்டடம் முடிக்கப்பட்டுள்ளது என்றும், வரைபடத்தில் காட்டாத தளமோ கொட்டகையோ கட்டப்படவில்லை என்றும், வண்டி நிறுத்துமிடத்தை மூடவோ வேறு பயனுக்கு மாற்றவோ மாட்டேன் என்றும், மழைநீர் சேகரிப்பு அமைப்பைப் பராமரிப்பேன் என்றும், உரிய அனுமதியின்றிக் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்."

பொறியாளருடையது வேறு: எந்தெந்தத் தேதிகளில் வேலையைப் பார்வையிட்டார், எந்த நாளில் அளந்தார், அனுமதியிலிருந்து என்னென்ன மாறியிருக்கிறது என்பது. "அனுமதிப்படியே முழுவதும் கட்டப்பட்டுள்ளது" என்று மட்டும் எழுதிவிட்டு, வரைபடத்தில் வண்டிக் கட்டத்தை மாற்றிக் காட்டினால் இரண்டு காகிதமும் ஒன்றையொன்று பொய்யாக்கும். எங்கள் சார் "வண்டி நிறுத்தும் கட்டங்கள் இரண்டும் இடம் மாற்றப்பட்டுள்ளன, எண்ணிக்கை குறையவில்லை, விதி கேட்கும் அளவுக்கும் குறையவில்லை" என்று ஒரு வரி சேர்த்தார். கட்டமைப்புப் பொறியாளரின் சான்றில் அனுமதி எண், தளங்களின் எண்ணிக்கை, அவருடைய பதிவு எண், அது எந்த நாள்வரை செல்லும் என்பது நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவைப் புதுப்பிக்காத ஒருவரின் கையெழுத்தால் ஒரு கோப்பு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேலையை அவர் பார்க்கவே இல்லை, கையெழுத்து மட்டும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் வேண்டாம். பின்னால் விரிசல் வந்தால் உங்களிடம் இருப்பது வெறும் காகிதம்.

வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எழுதிய பிறகு, படித்த பிறகு, போடுங்கள்.

ஆய்வு நாள்

நகரமைப்பு ஆய்வாளர் வரும் நாள் தெரிந்ததும், எல்லா அறைச் சாவியும் அங்கே இருக்கும்படி பாருங்கள். வாடகைக்காரர் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் ஆய்வு பாதியில் நிற்கும். சான்று வருமுன் வாடகைக்கு விடுவதே தவறு என்பது வேறு. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பொன்றில் நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தர வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அலுவலகங்கள் இதில் இளகுவதில்லை.

முத்திரையிட்ட அசல் வரைபடம், ஏணி, 30 மீட்டர் டேப், தொட்டி மூடியைத் தூக்க ஒரு கடப்பாரை. வரைபடம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அண்ணாச்சி அன்று டீ, வடையோடு தயாராக இருந்தார். வந்தவர் டீயை ஓரமாக வைத்துவிட்டு நேரே வண்டிக் கட்டத்துக்குப் போனார். ஷட்டர் இருந்த இடத்தில் புதுப்பூச்சு தெரிந்தது. அதைத் தட்டிப் பார்த்து, தண்டவாளம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு சன்ஷேடு. வெட்டிய முனையில் டேப் வைத்தார், 59. மாடிக்குப் போய் தகரம் நின்ற இடத்தில் போல்ட்டுத் துளைகள் அடைத்திருப்பதைப் பார்த்தார். சாய்தளத்தில் மட்டும் கைப்பிடி இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் அந்த ஒற்றைக் குறைக்குக் குறிப்பாணை வந்தது. குறிப்பாணை வந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பதில் எழுதி, படத்தோடு அனுப்புங்கள். நேரில் போய் "சரி பண்ணிட்டேன் சார்" என்று சொல்வது கோப்பில் ஏறாது. அண்ணாச்சி கைப்பிடி வைத்து, படம் எடுத்து, பதில் அனுப்பினோம். சான்று வந்தது.

வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதில் உள்ள கதவு எண், தளங்களின் எண்ணிக்கை, பயன்பாடு மூன்றையும் சரிபார்ப்பது. "வணிகம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு வார்த்தை இருந்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். ஈபி அலுவலகத்தில் கட்டண வகையை அதை வைத்தும் பார்ப்பார்கள். கட்டியபடி வரைபடத்தின் முத்திரையிட்ட நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாடி எழுப்ப நினைக்கும்போது அனுமதிக்கு அடிப்படை இனி அந்த வரைபடம்தான்.

தற்காலிக மின் இணைப்பை நிரந்தரமாக மாற்ற அண்ணாச்சி அந்த வாரமே மனு கொடுத்தார். கட்டுமானக் காலத்துக் கட்டண விகிதம் அவரை அவ்வளவு நாள் அரித்திருந்தது. மூட்டை வைத்த வாடகை அறையை இன்னும் காலி செய்யவில்லை.